நெருப்புக்கு நடுவே ஒரு கோப்பை

டாரோ சீட்டு பார்ப்பவர்களிடம் ஒரு வாக்கியம் அடிக்கடி கேட்கிறேன். "நெருப்புச் சீட்டும் நீர்ச் சீட்டும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்திருக்கிறது, இந்த உறவு சேராது." நம் ஊரில் இதைச் சொல்வது சுலபம், நம்ப வைப்பது அதைவிடச் சுலபம். ஜாதகத்தில் நெருப்பு ராசி, நீர் ராசி என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த காதுகள் நமக்கு. ஆனால் அந்த வாக்கியம் எந்த விதியிலிருந்து வந்ததோ, அந்த விதி அப்படிச் சொல்லவே இல்லை. விதி உண்மையில் என்ன சொல்கிறது என்பதை ஒரு பெண்ணின் கதையோடு எழுதுகிறேன். அவளுடைய சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். பெயரும் அடையாளமும் இருக்காது.

முதலில் விதி. 1888-ல் லண்டனில் 'கோல்டன் டான்' என்ற ஒரு ரகசிய சபை தொடங்கியது. அதைத் தொடங்கிய மூவரில் ஒருவர் மேத்தர்ஸ் என்பவர். பிற்காலத்தில் பாரிசில் குடியேறி அங்கேயே இறந்தவர். சபை உறுப்பினர்கள் கையால் நகல் எடுத்துப் படிப்பதற்கென்று 'புக் டி' என்ற ஒரு பாடம் இருந்தது. 78 சீட்டுகளுக்கும் பொருள் சொல்லிவிட்டு, அடுத்தடுத்து விழும் சீட்டுகள் ஒன்றையொன்று எப்படி மாற்றும் என்பதையும் அது சொல்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு 'எலிமென்டல் டிக்னிட்டி' என்று பெயர். நான் 'பூத பலம்' என்று சொல்லிக்கொள்வேன். நம் ஜோதிடத்தில் ஒரு கிரகம் நிற்கும் வீடு நட்பு வீடா, பகை வீடா என்று பார்த்துத்தானே அதற்குப் பலம் சொல்கிறோம்? இங்கே வீட்டுக்குப் பதில் பக்கத்துச் சீட்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

சின்னச் சீட்டுகள் நான்கு வகை. பிரெஞ்சில் பத்தோன், கூப், எப்பே, தெனியே என்று படித்தவன் நான். தமிழில் கோல், கோப்பை, வாள், காசு என்று வைத்துக்கொள்வோம். கோல் நெருப்பு, கோப்பை நீர், வாள் காற்று, காசு நிலம். நெருப்புக்கும் நீருக்கும் பகை. காற்றுக்கும் நிலத்துக்கும் பகை. மற்ற ஜோடிகள் எல்லாம் நட்பு. ஒரே வகைச் சீட்டுகள் அருகருகே விழுந்தால் ஒன்றுக்கொன்று பெரும் பலம்.

மார்செய் சீட்டுகளைப் பிரெஞ்சுப் புத்தகங்களில் படித்துப் பழகிய எனக்கு இது ஆரம்பத்தில் புதிதாகத்தான் இருந்தது. அந்த மரபிலும் பக்கத்துச் சீட்டைப் பார்ப்பார்கள். ஆனால் படத்திலிருக்கும் ராணி எந்தப் பக்கம் பார்க்கிறாள், யாருக்கு முதுகு காட்டுகிறாள் என்ற மாதிரிப் பார்ப்பார்கள். பூதங்களின் நட்பு பகைக் கணக்கு லண்டன்காரர்களின் பாடம்.

இப்போது எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருகிறேன். பகைச் சீட்டு பக்கத்தில் வந்தால் என்ன ஆகும்? 'கெட்டுப்போகும்' என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பாடம் சொல்வது, 'பலம் குறையும்' என்பது. அதோடு நிறுத்தவில்லை. அந்தச் சீட்டு நன்மை சொல்லும் சீட்டானால் நன்மை குறையும், தீமை சொல்லும் சீட்டானால் தீமை குறையும் என்றும் சேர்த்தே சொல்கிறது. அதேபோல ஒரே வகைச் சீட்டுகள் சூழ்ந்தால் நன்மையும் பெருகும், தீமையும் பெருகும்.

வானொலிப் பெட்டியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருக்குமே, அப்படி. குமிழைத் திருகினால் பாட்டு மாறாது. சத்தம்தான் மாறும். சோகப் பாட்டின் சத்தம் குறைந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு நிம்மதியாகக்கூட இருக்கலாம்.

ஒரே சீட்டை வைத்துப் பார்த்தால் இது புரியும். 1909-ல் வெளிவந்த வெய்ட் சீட்டுக்கட்டுதான் இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது. பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணி வரைந்த படங்கள். அதில் கோப்பை ஐந்தை எடுங்கள். கறுப்புப் போர்வை போர்த்திய ஓர் உருவம் தலை கவிழ்ந்து நிற்கிறது. அதன் எதிரே மூன்று கோப்பைகள் கவிழ்ந்து, உள்ளே இருந்தது கொட்டிக் கிடக்கிறது. முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் நிமிர்ந்து நிற்கின்றன. அதை அந்த உருவம் பார்க்கவில்லை. தூரத்தில் ஓர் ஆறு, ஒரு பாலம், ஒரு வீடு. இழப்பையும் துக்கத்தையும் சொல்லும் சீட்டு.

இதை நடுவில் வைத்து இரு பக்கமும் கோப்பைச் சீட்டுகளே விழுந்தால் துக்கம் முழுப் பலத்தோடு பேசுகிறது. உறவில் வேறு எதற்கும் இடமில்லை என்கிற அளவுக்கு. இரு பக்கமும் வாள் விழுந்தால், காற்று நீருக்கு நட்பு என்பதால், துக்கத்துக்குத் துணை கிடைக்கிறது. இங்கே கவனம் வேண்டும். வாள் மூன்றும் வாள் ஒன்பதும் நட்பாக வந்து நின்றால் அது நல்ல செய்தி இல்லை. துக்கத்தோடு கூட்டுச் சேர்ந்த வலியும் தூக்கமற்ற இரவும்தான் அவை. 'நட்பு' என்றால் கைகொடுக்கிறது என்று மட்டுமே பொருள். எதற்குக் கைகொடுக்கிறது என்பது வேறு விஷயம். இரு பக்கமும் கோல் விழுந்தால், அதாவது பகையான நெருப்பு விழுந்தால், துக்கத்தின் பலம் வெகுவாகக் குறைகிறது. ஒரே சீட்டுதான். அக்கம்பக்கத்தைப் பொறுத்து மூன்று விதமாகப் பேசுகிறது.

அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஒரு குறிப்பை மட்டும் தனியாகப் படித்து எந்த எழுத்தரும் கோப்பை மேலே அனுப்பமாட்டார். அதற்கு முன்னால் யார் என்ன எழுதினார்கள், பின்னால் யார் என்ன எழுதினார்கள் என்று பார்த்தால்தான் அந்தக் குறிப்புக்கு எவ்வளவு பலம் என்று தெரியும்.

இனி அந்தப் பெண்ணின் விஷயம். என் நண்பரின் மகள். முப்பதைத் தாண்டியவள். கணவர் பிரான்சில் வேலை பார்க்கிறார். இவள் புதுச்சேரியில் மாமியாரோடு இருக்கிறாள். எங்கள் ஊரில் இப்படி இரண்டு கரையில் வாழும் குடும்பம் தெருவுக்கு ஒன்று உண்டு. மாமியார் படுக்கையில் விழுந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இவள் அங்கே போவதா, அவர் இங்கே வருவதா, இல்லை இப்படியே இழுத்துக்கொண்டு போவதா என்று தெரியாத நிலை.

யாரோ ஒருவரிடம் சீட்டு பார்த்திருக்கிறாள். மூன்று சீட்டு. இடது பக்கம் அவளிடமிருந்து வருவது, வலது பக்கம் அவரிடமிருந்து வருவது, நடுவில் இருவருக்கும் இடையே இருப்பது. விழுந்த சீட்டுகளைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தாள். இடது பக்கம் கோல் பத்து. நடுவில் கோப்பை ஐந்து. வலது பக்கம் கோல் இரண்டு.

"மாமா, ரெண்டு பக்கமும் நெருப்பு, நடுவுல தண்ணி. துக்கச் சீட்டு வேற. இந்தக் கல்யாணம் ஆவியாப் போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்தப் படத்தை நான்கு மாதமாக அழிக்காமல் வைத்திருந்தாள்.

நான் புதிதாகச் சீட்டு போடவில்லை. பதில் பிடிக்கவில்லை என்று மறுபடி மறுபடி கலைத்துப் போட்டால் சீட்டுக்கு மரியாதை இல்லை. விழுந்ததையே ஒழுங்காகப் படிப்போம் என்று சொன்னேன்.

முதல் படி, நடுச் சீட்டு எது, அது எந்தப் பூதம் என்று பார்ப்பது. மூன்று சீட்டு வரிசையில் நடுச் சீட்டுதான் தலைவர். ஓரத்தில் இருப்பவை அதை மாற்ற வந்தவை. இங்கே தலைவர் கோப்பை ஐந்து, நீர்.

இரண்டாவது படி, ஓரச் சீட்டுகள் இரண்டும் தங்களுக்குள் எப்படி என்று பார்ப்பது. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஓரத்தில் இருப்பவை தங்களுக்குள் பகையானால் ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும், நடுச் சீட்டை அதிகம் தொடாது. உதாரணமாக, இடது பக்கம் கோலும் வலது பக்கம் இன்னொரு கோப்பையும் வந்திருந்தால், நெருப்பும் நீரும் ஒன்றையொன்று அடக்கிக்கொள்ள, நடுவில் இருக்கும் துக்கம் தன் சொந்தப் பலத்தில் நின்றிருக்கும். 'ஒரு பகை, ஒரு நட்பு, ஆகப் பாதி' என்று கூட்டிக் கழிக்கும் கணக்கு இல்லை இது. அவள் சீட்டில் ஓரத்தில் இருந்தவை இரண்டும் கோல். தங்களுக்குள் ஒற்றுமையாக, இரண்டு பக்கமிருந்தும் நடுச் சீட்டை நெருக்குகின்றன.

மூன்றாவது படி, நடுச் சீட்டின் பலத்தைச் சொல்வது. பகை இரு பக்கமும். ஆகவே மிகவும் பலவீனம். எது பலவீனம்? கல்யாணம் இல்லை. கோப்பை ஐந்து சொல்லும் துக்கம்தான் பலவீனம். சீட்டு பார்த்தவர் சொன்னதற்கு நேர் எதிர். துக்கம் இந்த உறவை உடைக்கப் போகிறது என்று சீட்டு சொல்லவில்லை. இந்த உறவில் துக்கத்தின் குரல் கேட்கவே இல்லை என்கிறது.

இங்கேயே நிறுத்திவிட்டு, "கவலைப்படாதேம்மா, துக்கம் தீர்ந்தது" என்று அனுப்பியிருக்கலாம். அவளும் சந்தோஷமாகப் போயிருப்பாள். ஆனால் அது பாதி வாசிப்பு. விதி பலத்தை மட்டும்தான் சொல்லும். பலம் ஏன் குறைந்தது என்பதைச் சொல்லாது. துக்கத்தின் குரல் இரண்டு விதமாகத் தாழலாம். காயம் ஆறி, வலி குறைந்து தாழலாம். மேலே நாலு மூட்டையை ஏற்றி வைத்ததால் அமுங்கியும் தாழலாம். இரண்டுக்கும் சீட்டுப் பலம் ஒன்றேதான். எது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், பகையாக வந்த நெருப்பு என்ன மாதிரி நெருப்பு என்று பார்க்கவேண்டும். இதுதான் நான்காவது படி.

கோல் ஒன்றும் கோல் நான்கும் ஓரத்தில் இருந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திராது. கோல் ஒன்று துளிர் விட்ட கழி, புதிய தொடக்கம். கோல் நான்கு மாலை கட்டிய பந்தல், வீட்டில் விசேஷம். அப்படிப்பட்ட நெருப்பு ஈரத்தைக் காய வைக்கிற வெயில். அப்போது 'ஆறிக்கொண்டிருக்கிறது' என்று தைரியமாகச் சொல்லலாம்.

அவளுக்கு வந்தவை வேறு. கோல் பத்தில் ஒரு மனிதன் பத்துக் கழிகளையும் ஒன்றாக அணைத்துக் குனிந்து நடக்கிறான். முகமே தெரியவில்லை. தாங்க முடியாத பொறுப்பு. கோல் இரண்டில் ஒருவன் கோட்டைச் சுவர்மேல் நின்று, கையில் சின்ன பூமி உருண்டையை வைத்துக்கொண்டு கடலைப் பார்க்கிறான். திட்டம் போடுகிறான். இன்னும் கிளம்பவில்லை. ஒருத்தி சுமக்கிறாள், ஒருவர் திட்டம் போடுகிறார். இரண்டு நெருப்புக்கும் நடுவே துக்கம் வாய் திறக்க இடமில்லாமல் நிற்கிறது. இந்த நெருப்பு காய வைக்கும் வெயில் இல்லை. ஓயாமல் எரியும் அடுப்பு.

"நீங்க ரெண்டு பேரும் போன்ல எதைப் பத்திப் பேசுவீங்க?" என்று கேட்டேன்.

அவள் யோசிக்காமல் சொன்னாள். "அத்தைக்கு மருந்து, ஆளுக்குச் சம்பளம், அங்க வீடு வாங்கறதுக்கு பேங்க்ல என்ன சொன்னாங்க, என்னோட பேப்பர்ஸ் எந்த ஆபீஸ்ல இருக்கு. தினமும் பேசுவோம் மாமா. சண்டையெல்லாம் கிடையாது."

"கவுந்து கிடக்கிற மூணு கோப்பை என்னன்னு உனக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும் என்று கட்டாயம் இல்லை என்றும் சேர்த்தே சொன்னேன். சீட்டைக் காட்டி மற்றவர் மனதைத் தோண்டுவது தவறு என்பது என் கட்சி. கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கரு தங்காமல் போயிருக்கிறது. ஐந்தாவது மாதம். அவர் பத்து நாள் லீவில் வந்து, பக்கத்தில் இருந்து, திரும்பிப் போனார். அடுத்த மாதமே மாமியார் விழுந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுத்ததே இல்லை. "அவர் மறந்துட்டார்னு நினைச்சேன்" என்றாள்.

அந்தக் குழந்தையைச் சீட்டு கண்டுபிடித்தது என்று நான் சொல்லமாட்டேன். சீட்டுக்கு அது தெரியாது, எனக்கும் தெரியாது. சீட்டு காட்டியது ஒரு வடிவத்தை மட்டும். நடுவில் ஒரு துக்கம், அதன் குரல் தாழ்ந்திருக்கிறது, தாழ்த்துவது வேலையும் திட்டமும் என்ற வடிவம். அந்த வடிவத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவள்தான் சொன்னாள். வேறொருத்திக்கு அதே மூன்று சீட்டு விழுந்திருந்தால் அவள் வேறொன்றைச் சொல்லியிருப்பாள், அல்லது ஒன்றுமே இல்லை என்றிருப்பாள். அப்படிச் சொன்னால் வாசிப்பை அங்கேயே விட்டுவிட வேண்டும். வற்புறுத்தி ஏதாவது ஒரு துக்கத்தை அவளிடமிருந்து வரவழைப்பது வாசிப்பு ஆகாது.

இன்னொன்றும் அவளிடம் சொன்னேன். பலம் குறைவது நல்லதற்கும் பொருந்தும் என்றேனே, கோப்பை ஐந்துக்குள் ஒரு நல்லதும் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் இரண்டு கோப்பைகள். துக்கத்தின் குரல் அமுங்கும்போது அந்த இரண்டு கோப்பைகளின் குரலும் சேர்ந்தே அமுங்குகிறது. அழுகையை அமுக்கிவிட்டு அன்பை மட்டும் தனியாக உரக்கப் பேச வைக்க முடியாது. இரண்டும் ஒரே சீட்டில்தான் இருக்கின்றன.

"அப்ப என்ன பண்றது மாமா?" என்றாள். சீட்டு பார்க்க வருபவர்கள் கடைசியில் கேட்பது இதைத்தான்.

விதியில் இதற்கு ஒரு குறிப்பு உண்டு. நெருப்புக்கும் நீருக்கும் இரண்டு பொது நண்பர்கள், காற்றும் நிலமும். அந்தப் பாடம் காட்டும் உதாரணமே இதற்குப் பொருந்துகிறது. ஒரு கோப்பை, கோலுக்கும் வாளுக்கும் நடுவில் விழுந்தால் பலவீனம் ஆகாது. வாள் இரண்டுக்கும் நட்பு என்பதால் கோலையும் கோப்பையையும் இணைத்துவிடும். கோப்பை ஓரளவு பலத்தோடேயே நிற்கும், இரண்டின் சாயலையும் வாங்கிக்கொண்டு. நிலமும் அப்படித்தான். சமையலறையில் தினமும் பார்க்கிறோமே! நெருப்பும் நீரும் நேராகத் தொட்டால் ஒன்று அணையும் அல்லது ஒன்று வற்றும். நடுவில் ஒரு சட்டி இருந்தால் சோறு வேகும்.

அவள் வரிசையில் வாளும் இல்லை, காசும் இல்லை. இல்லாததையும் பார்க்கவேண்டும். வாள் என்றால் காற்று, சொல், பேச்சு. அவர்களுக்குள் தினமும் பேச்சு இருந்தது, ஆனால் மருந்துச் சீட்டும் வங்கிப் பேச்சும்தான். காசு என்றால் நிலம், உடம்பு, ஒரே கூரை, ஒன்றாகச் சாப்பிடுவது. அது கடலுக்கு அப்பால் இருக்கிறது, இப்போதைக்குக் கைக்கு எட்டாது. எட்டுவது வாள் மட்டுமே. இதை நான் அறிவுரையாகச் சொல்லவில்லை. "இந்த மூணு சீட்டுல ஒண்ணை எடுத்துட்டு வேற வகை வைக்கலாம்னா, எந்த இடத்துல எதை வைப்பே?" என்று கேட்டேன். வலது பக்கம் இருந்த கோல் இரண்டின் மேல் விரலை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டு, தன் பக்கம் இருந்த கோல் பத்தின் மேல் வைத்தாள். "நான்தானே ஆரம்பிக்கணும்" என்றாள்.

அன்றிரவே பேசினாளாம். அவர் மறக்கவில்லை என்று தெரிந்ததாம். அதற்கு மேல் அவள் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. மாமியார் இன்னும் படுக்கையில்தான் இருக்கிறார். பிரான்ஸ் போவதா வேண்டாமா என்பது இன்னும் முடிவாகவில்லை. மூன்று சீட்டுகளை வைத்து அதை முடிவு செய்யவும் கூடாது.

இந்த விதியைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு, எங்கே தவறிப்போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, சீட்டை ஆளாக்கிவிடுவது. 'நீ நெருப்பு, அவர் நீர்' என்று தொடங்கினால் வாசிப்பு அப்போதே தடம் புரண்டுவிட்டது. இந்த நட்பும் பகையும் சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில்தான், மனிதருக்கும் மனிதருக்கும் நடுவில் இல்லை. அவள் கேஸில் பாருங்கள், அவள் பக்கமும் நெருப்பு, அவர் பக்கமும் நெருப்பு. ஆளுக்கு ஆள் பொருத்தம் பார்த்தால் பெரும் பலம் என்று சொல்லவேண்டி வரும். இருவரும் ஒரே மாதிரி இருந்ததுதானே அங்கே சிக்கலே!

இரண்டு, தலைகீழ்ச் சீட்டையும் பூத பலத்தையும் சேர்த்துக் குழப்புவது. கோல்டன் டான் பாடத்தில் தலைகீழாக விழுந்தால் தனிப் பொருள் என்பது கிடையாது. சீட்டு எப்படி மாறுகிறது என்பதைப் பக்கத்துச் சீட்டே சொல்லிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஒரே பலவீனத்தை இரண்டு தடவை கழித்துவிடுவோம். சீட்டு தலைகீழாகவும் இருக்கிறது, பகையும் இருக்கிறது, எனவே சர்வநாசம் என்று முடிப்பவர்கள் இப்படித்தான் அங்கே போய்ச் சேருகிறார்கள். ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எதை என்று சீட்டைக் கலைப்பதற்கு முன்னாலேயே தீர்மானித்துவிடுங்கள்.

மூன்று, வரிசை இல்லாத இடத்தில் இதைப் போட்டுப் பார்ப்பது. சிலுவை மாதிரி, வட்டம் மாதிரிப் பரப்பும் முறைகளில் யாருக்கு யார் பக்கத்து வீடு என்றே தெளிவில்லை. அங்கே நமக்குப் பிடித்த சீட்டைப் பக்கத்து வீடாக்கிக்கொள்ளத் தோன்றும். இந்த விதி மூன்றாகவோ ஐந்தாகவோ நேர்கோட்டில் வைத்த சீட்டுகளுக்கு ஏற்றது.

பெரிய சீட்டுகள் 22-க்கும் பூதம் உண்டு. மேஷத்துக்கு உரிய பேரரசன் நெருப்பு, மீனத்துக்கு உரிய நிலா நீர் என்று ராசி வழியாகச் சொல்வார்கள். ராசிக்கு உரியவற்றில் சிக்கல் இல்லை. கிரகத்துக்கு உரிய சீட்டுகளில் புத்தகத்துக்குப் புத்தகம் கணக்கு மாறுகிறது. புதிதாகப் படிப்பவர்கள் கொஞ்ச நாள் சின்னச் சீட்டுகள் 56-ஐ மட்டும் வைத்துப் பழகினால் போதும்.

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். கோப்பை ஐந்தை மேசை நடுவில் வையுங்கள். அதை எடுக்காமல் ஓரச் சீட்டுகளை மட்டும் மாற்றிக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு கேள்விகள். துக்கத்தின் சத்தம் கூடுகிறதா குறைகிறதா? கூட்டுவதும் குறைப்பதும் என்ன மாதிரிச் சீட்டு? முதல் கேள்விக்கு விதியே பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்குச் சீட்டின் படத்தைப் பார்க்கவேண்டும், பிறகு எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்க்கவேண்டும்.